அரபி ஆசிரியருடன் இணையவழிப் பேச்சு வகுப்பு: பேச்சு நகராதபோது என்ன பார்க்க வேண்டும்

அரபி எழுத்து படிக்கத் தெரியும், அடிப்படை இலக்கணமும் ஓரளவு தெரியும், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை காணொலியில் ஓர் ஆசிரியரோடு பேசுகிறீர்கள், ஆனாலும் பேச்சு நகரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணங்களுக்குக் கெய்ரோ பேச்சு வழக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எகிப்து ஆசிரியர்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கிறார்கள். அந்த நாட்டுப் படங்களும் தொடர்களும் பரவியிருப்பதால் அந்தப் பேச்சு மற்ற அரபு நாடுகளிலும் புரிகிறது. நீங்கள் சிரியா, ஜோர்டான் பக்கத்துப் பேச்சையோ வளைகுடாப் பேச்சையோ படித்தாலும் வழி இதேதான். சொற்கள் மட்டும் மாறும்.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஒரு வகுப்பில் பிடிபட்ட பிழை அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேர வேண்டும். அது நடக்காவிட்டால் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒவ்வொரு வகுப்பும் முதல் வகுப்பாகவே இருக்கும். கீழே வரும் அறிகுறிகளில் பாதி, அந்தக் கைமாற்றம் எங்கோ அறுந்துபோனதன் விளைவு.

அறிகுறி: நலம் விசாரித்து முடிந்ததும் பேச ஒன்றுமில்லை, மிச்ச நேரம் ஆசிரியரே பேசுகிறார்

பெரும்பாலும் தலைப்புதான் காரணம். "கல்வி", "சுற்றுச்சூழல்", "எங்கள் ஊர்ப் பண்பாடு" என்று போனால் தாய்மொழியிலேயே இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசுவது கஷ்டம். அரபியில் அதற்கு வேண்டிய சொற்களோ பத்திரிகை நடைச் சொற்கள். நீங்கள் தடுமாறுகிறீர்கள், ஆசிரியர் இரக்கப்பட்டு உங்கள் வாக்கியத்தை முடித்து வைக்கிறார், அப்புறம் அவரே தொடர்கிறார்.

கருத்தை விட்டுவிட்டு நடந்த ஒன்றை எடுங்கள். நேற்று பேருந்தைத் தவறவிட்டது, பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர் மோட்டாரால் வந்த சச்சரவு, வங்கியில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நடந்த கதைக்கு ஒரு வரிசை இருக்கும். அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்தால் போதும். "ஏன்?", "அப்புறம்?", "அவர் என்ன சொன்னார்?" என்று ஆசிரியர் கேட்பதற்கும் இடம் இருக்கும்.

தயாரிப்பை இப்படிச் செய்யலாம். முதலில் அந்தக் கதையை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள், இரண்டு நிமிடம் போதும். ஆங்கிலத்தில் வேண்டாம். நம்மில் பலர் அரபியை ஆங்கிலம் வழியாகப் படித்திருப்போம், அதனால் வாக்கியத்தை ஆங்கில அச்சிலேயே வார்க்கிறோம். "எனக்கு ஒரு கூட்டம் இருந்தது" என்பதை ஆங்கில வழியில் யோசித்தால் "நான்" எழுவாயாகி, "குன்த் அந்தீ" என்று தவறாக வரும். தமிழில் "எனக்கு" என்பது எழுவாயே அல்ல. "இருந்தது" என்பது கூட்டத்தைப் பற்றியது. அரபியும் அப்படித்தான்: "கான் அந்தீ இக்திமாஅ". தமிழில் யோசித்திருந்தால் இந்தப் பிழையே வராது. பேருந்துக் கதையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. கெய்ரோவில் "ஃபாத்னி இல் ஒதொபீஸ்" என்பார்கள். அங்கே எழுவாய் பேருந்து, விட்டுவிட்டுப் போவது அது. "பஸ் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு" என்று நாமும் சொல்வதுதானே.

சொல்லிப் பார்க்கும்போது அரபிச் சொல் தெரியாத இடங்கள் தானாகவே தெரியும். அவற்றில் எட்டு அல்லது பத்தை மட்டும் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வினைச்சொற்களுக்கு முதலிடம் கொடுங்கள். பெயர்ச்சொல் தெரியாவிட்டால் கையைக் காட்டியோ சுற்றி வளைத்தோ சொல்லிவிடலாம், வினை இல்லாமல் கதை நகராது. முழு வாக்கியங்களை எழுத வேண்டாம். எழுதி வைத்தால் வாசிப்பீர்கள், வாசித்தால் உங்கள் உண்மையான பிழைகள் வெளியே வரா. ஆசிரியரிடம் கேட்க மூன்று கேள்விகளையும் சேர்த்து வையுங்கள்: கெய்ரோவில் பேருந்து தவறினால் என்ன செய்வார்கள், மைக்ரோபஸ் எங்கே நிற்கும் என்பது போல. முந்தின நாள் மாலையே தலைப்பை ஒரு வரியில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

வகுப்பில் அதே கதையை இரண்டு முறை சொல்ல வேண்டும். முதல் முறை தட்டுத் தடுமாறி நான்கைந்து நிமிடம். ஆசிரியர் கேள்வி கேட்டு, திருத்தங்களைக் காட்டிய பிறகு, மறுபடி முதலிலிருந்து மூன்று நிமிடத்துக்குள். ஒரே கதையைத் திரும்பச் சொல்வது பலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் கேட்ட திருத்தத்தை உடனே வாயில் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் வகுப்பில் இல்லை.

அறிகுறி: நான் ஒரு அரபி பேசுகிறேன், அவர் வேறொரு அரபியில் பதில் சொல்கிறார்

நீங்கள் படித்தது ஃபுஸ்ஹா என்னும் எழுத்து வழக்காக இருக்கும். அவர் வீட்டில் பேசுவது ஆம்மிய்யா என்னும் பேச்சு வழக்கு. வெளிநாட்டு மாணவரிடம் பல ஆசிரியர்கள் இரண்டையும் கலந்து பேசுவார்கள், நீங்கள் திணறினால் ஆங்கிலத்துக்கும் தாவுவார்கள். எது எது என்று உங்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

சில சொற்களை அடையாளமாக வைத்துக்கொண்டால் கண்டுபிடித்துவிடலாம். "எனக்கு வேண்டும்" என்பதற்கு "உரீது" வந்தால் ஃபுஸ்ஹா. "ஆயிஸ்" வந்தால் எகிப்து (பேசுபவர் பெண்ணானால் "ஆய்ஸா"). "பித்தீ" வந்தால் சிரியா, லெபனான், ஜோர்டான் பக்கம். "இப்போது" என்பதற்கு "அல்ஆன்" ஃபுஸ்ஹா, "தில்வஅத்தி" எகிப்து, "ஹல்லஅ" டமாஸ்கஸ், பெய்ரூத் பக்கம். உங்கள் வகுப்பின் ஒலிப்பதிவை ஐந்து நிமிடம் கேட்டு, நீங்கள் எதைச் சொன்னீர்கள், அவர் எதைச் சொன்னார் என்று பாருங்கள்.

சரிசெய்ய வகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு வரி போதும்: "பில் மஸ்ரி பஸ், லவ் சமஹ்த்" (எகிப்துப் பேச்சில் மட்டும், தயவுசெய்து). ஆசிரியை என்றால் "லவ் சமஹ்தி". இரண்டு வழக்கையும் படிக்க விருப்பம் இருந்தால் ஒரே வகுப்பில் கலக்காமல் தனித்தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுஸ்ஹா பேசப் பழகுவதும் நல்லதுதான், செய்தி கேட்கவும் மேடையில் பேசவும் அது வேண்டும். ஆனால் பேருந்துக் கதையை யாரும் அதில் சொல்வதில்லை.

மரியாதைச் சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இன்த", "இன்தி" என்று ஆசிரியரை அழைக்க நமக்கு மனம் வராது. எகிப்தில் அதற்கு வழி இருக்கிறது: ஆணுக்கு "ஹத்ரித்தக்", பெண்ணுக்கு "ஹத்ரித்திக்". அதையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: ஆசிரியர் திருத்துவதே இல்லை

முதலில் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் திருத்தியிருப்பார். உங்களுக்குத்தான் அது திருத்தமாகவே தெரிந்திருக்காது. பேருந்துக் கதையில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள்.

மாணவர்: இம்பாரிஹ் மிஷ் ருஹ்த் இஷ்ஷுக்ல். (நேற்று வேலைக்குப் போகவில்லை என்று சொல்ல முயல்கிறார்.)
ஆசிரியை: ஆஹ், மருஹ்திஷ்? லேஹ்? (ஓ, போகலையா? ஏன்?)
மாணவர்: அய்வா, மிஷ் ருஹ்த், அலஷான் இல் ஒதொபீஸ்... (ஆமாம்... ஏனென்றால் பேருந்து...)

கெய்ரோ பேச்சில் இறந்தகால வினையை மறுக்க "மிஷ்" போடுவதில்லை. வினைக்கு முன்னால் "ம", பின்னால் "ஷ்" வந்து அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்: "மருஹ்திஷ்". ஆசிரியை சரியான வடிவத்தைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். மாணவரின் காதில் அது கேள்வியாக மட்டும் விழுந்தது, பதில் சொல்லிவிட்டு அதே பிழையோடு மேலே போய்விட்டார். பேச்சை நிறுத்தாமல், பிழையைச் சரியாக்கித் திருப்பிச் சொல்லும் இந்த முறையை ஆசிரியர்கள் மிகவும் விரும்புவார்கள், மாணவர் மனம் நோகாது அல்லவா. கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் 1997-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேல் இந்த வகை என்று கண்டார்கள். மாணவர்கள் கவனித்து ஏதாவது எதிர்வினை காட்டியது மிகக் குறைவாக இருந்ததும் இதற்குத்தான்.

ஆகவே "என்னைத் திருத்துங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் சொல்வது இரண்டு தட்டு முறை.

முதல் தட்டில், அந்த வகுப்புக்கு ஒரே ஒரு பிழை வகை. இன்று "மிஷ்" என்றால் இன்று அது மட்டும். அது வரும்போது ஆசிரியர் சரியான வடிவத்தைச் சொல்லக் கூடாது. பிழைக்கு முந்தின இடம் வரை திருப்பிச் சொல்லிவிட்டு, "இம்பாரிஹ்...?" என்று குரலை உயர்த்திக் காத்திருக்க வேண்டும். மிச்சத்தை நீங்களே முடிக்க வேண்டும். தானே தேடி எடுத்த வடிவம் மனதில் தங்குகிறது.

மற்ற எல்லாப் பிழைகளும் இரண்டாவது தட்டு. அவற்றுக்காக உங்களை நிறுத்த வேண்டாம். உரையாடல் பெட்டியில் சரியான வாக்கியத்தை மட்டும் அவர் தட்டச்சு செய்துகொண்டே போகட்டும்; கதை முடிந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம். எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் மூன்றாவது வாக்கியத்துக்குள் வாய் கட்டிப்போகும்.

இதையெல்லாம் வகுப்பின் நடுவில் விளக்காதீர்கள். முந்தின நாள் தலைப்பை அனுப்பும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

அறிகுறி: நோட்டு நிறையத் திருத்தங்கள், வாயில் அதே பிழைகள்

இது தான் அதிகம் பார்க்கிற சிக்கல். நோட்டைத் திறந்தால் மூன்று விதமான கோளாறுகளில் ஏதாவது ஒன்று இருக்கும்.

முதலாவது, சரியான வடிவம் மட்டும் இருக்கும், நீங்கள் சொன்ன பிழை இருக்காது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் "மருஹ்திஷ், போகவில்லை" என்பது வெறும் சொற்பொருள் போலத் தெரியும். எதை விட்டு எதற்கு வர வேண்டும் என்பது அதில் இல்லை. இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது, தமிழ் எழுத்தில் எழுதியிருப்பீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு வழியின்றி நானும் அப்படித்தான் எழுதுகிறேன், குறிப்பேட்டில் அது வேண்டாம். ஸீனும் ஸாதும் தமிழில் ஒரே "ஸ". தாவும் அழுத்தமான தாவும் ஒரே "த". இரண்டு ஹாவும் ஒன்று. ஐனுக்கு எழுத்தே கிடையாது. நீங்கள் செய்த பிழையே அந்த வித்தியாசத்தில் இருந்தால், குறிப்பில் பிழையும் திருத்தமும் ஒரே மாதிரி தெரியும். அரபி எழுத்தில் எழுதுவதே சிறந்தது. வேகம் வரவில்லை என்றால், அரபு இளைஞர்கள் கைபேசியில் எழுதும் இலத்தீன் எழுத்து முறை இருக்கிறது. உங்கள் ஆசிரியருக்கும் அது அனேகமாகப் பழக்கமாக இருக்கும். அதில் `3` என்பது ஐன், `7` என்பது தொண்டையிலிருந்து வரும் ஹா, `2` என்பது ஹம்ஸா. பேருந்துக் கதையின் குறிப்பு இப்படி இருக்கும்:

```
mesh ro7t      ->  ma ro7tesh
kont 3andi     ->  kan 3andi
3ayez baroo7   ->  3ayez aroo7
```

மூன்றாவது வரி "எனக்குப் போக வேண்டும்" என்பதற்கானது. "ஆயிஸ்" வந்துவிட்டால் அடுத்த வினையின் முன்னால் இருக்கும் "ப" விழுந்துவிடும்.

மூன்றாவது கோளாறு, அளவு. ஒரு வகுப்புக்கு இருபது முப்பது திருத்தம் எழுதினால் ஒன்றும் ஒட்டாது. ஐந்துக்கு மேல் வேண்டாம். எதை எடுப்பது? ஆசிரியருக்குப் புரியாமல் போன பிழைக்கு முதலிடம். இரண்டாவது முறையாக வந்த பிழைக்கு அடுத்த இடம். ஒரே ஒரு முறை வந்த அரிய சொல்லை விட்டுவிடலாம், தேவைப்பட்டால் மறுபடி வரும்.

திருத்தங்களைக் குறித்து வைக்கும் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குள் வாக்கியம் எதுவும் எழுத வேண்டாம்; எழுதினால் பேச்சு நின்றுவிடும். திருத்தம் விழுந்த நேரத்தை மட்டும் ஓரமாகக் குறியுங்கள்: 12:40, 19:05 என்று. அன்றைக்கே, முடிந்தால் படுக்கப் போவதற்குள், பதிவில் அந்த இடங்களுக்கு மட்டும் போய், முப்பது விநாடி முன்னாலிருந்து கேளுங்கள். முழுப் பதிவையும் கேட்கப் போகிறேன் என்று திட்டம் போட்டால் கேட்கவே மாட்டீர்கள். ஐந்து வரிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து புதிதாக ஒரு வாக்கியம் அமையுங்கள். "மருஹ்திஷ்" என்றால் நீங்கள் உண்மையிலேயே போகாத ஒரு இடம்.

அடுத்து கைமாற்றம். அந்த ஐந்து வரிகளை அடுத்த வகுப்புக்கு முன் ஆசிரியருக்கு அனுப்பி, முதல் ஐந்து நிமிடம் அவை வந்தே தீர வேண்டிய கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை எங்கே போனீர்கள்? சந்தைக்கும் போனீர்களா?" இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் "மருஹ்திஷ்" தானாக வர வேண்டும். கேள்வி இல்லாமலே, உங்கள் கதையின் போக்கில், இரண்டு வெவ்வேறு வகுப்புகளில் சரியாக வந்த பிறகுதான் அந்த வரியை அடியுங்கள். பயிற்சிக் கேள்விக்குச் சரியாகச் சொல்லி, கதையில் மறுபடி பிழையாகச் சொல்வது சகஜம். ஆகவே பயிற்சியில் வந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பதிவு செய்ய ஆசிரியரின் அனுமதி கட்டாயம் வேண்டும். முகம் பதிவாவதைச் சில ஆசிரியைகள் விரும்ப மாட்டார்கள். ஒலி மட்டும் போதும், வேறு யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கும் சம்மதம் இல்லையென்றால், கதையை இரண்டாவது முறை சொல்லும்போது உங்கள் பக்கத்துக் குரலை மட்டும் கைபேசியில் பதிவு செய்யலாம்.

அறிகுறி: அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை

முதலில் கருவியைப் பாருங்கள். புளூடூத் இயர்போனின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பெரும்பாலும் அது தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். ஸீன், ஸாத் வகை ஒலிகளின் மேல் அலைவரிசை அதில் அடிபடும். கம்பி வைத்த இயர்போனுக்கு மாறி, அதே சொற்களை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். வித்தியாசம் கேட்டால் சிக்கல் அங்கேதான் இருந்தது.

அப்போதும் கேட்கவில்லை என்றால் காதை வேறு இடத்தில் வையுங்கள். "தாப்" என்று இரண்டு சொற்கள் உண்டு: சாதாரணத் தாவோடு சொன்னால் "மனம் திருந்தினான்", அழுத்தமான தாவோடு சொன்னால் "நன்றாயிற்று, பழுத்தது". மெய்யெழுத்தை உற்றுக் கேட்டால் பிடிபடாது. அதை அடுத்த "ஆ"வைக் கேளுங்கள். சாதாரணத் தாவுக்குப் பின் அது வாயின் முன்பக்கம் மெலிந்து, கிட்டத்தட்ட "ஏ" பக்கம் சாயும். அழுத்தமான தாவுக்குப் பின் பின்பக்கம் போய் இருண்டு, "ஓ" பக்கம் சாயும். சொல்லும்போதும் அப்படியே, முதலில் உயிரைச் சரியாக்குங்கள். நாக்கை மடித்து "ட" ஆக்கிவிடுவது நம்மவர்களுக்கு எளிதாக வருகிற மாற்று. அது வேறு ஒலி, கேட்பவருக்கும் விநோதமாக இருக்கும். மதரஸாவில் தஜ்வீத் ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இந்த ஒலிகள் ஏற்கெனவே வாயில் இருக்கும். வேகமாகப் பேசும்போது நழுவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குறிலும் நெடிலும், ஒற்று இரட்டிப்பதும் நமக்குத் தமிழிலேயே பழக்கம். அங்கே நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

சின்னச் சின்ன அறிகுறிகள்

உரையாடல் பெட்டியில் அவர் எழுதியது வகுப்பு முடிந்ததும் காணவில்லை: பல செயலிகளில் அழைப்பு மூடியதும் அது போய்விடும். கடைசி இரண்டு நிமிடத்தில் நகல் எடுத்து வேறெங்காவது ஒட்டிவிடுங்கள், அல்லது தொடக்கத்திலிருந்தே இருவரும் பார்க்கும் ஓர் ஆவணத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த ஆவணத்தில் அரபியும் தமிழும் இடம் மாறிக் குழம்புகிறது: ஒரே வரியில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தும் இடமிருந்து வலமாக ஓடும் எழுத்தும் சேர்ந்தால் புள்ளியும் எண்ணும் கண்ட இடத்தில் போய் உட்காரும். இரண்டு பத்தி அட்டவணை போட்டு, அரபியை ஒரு கட்டத்திலும் தமிழ்க் குறிப்பை இன்னொன்றிலும் வையுங்கள்.

ஆசிரியர் ஒரு மணி நேரம் முன்னால் வந்து காத்திருந்திருக்கிறார்: எகிப்து 2023-லிருந்து மறுபடி கோடைக்கால நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை முதல் அக்டோபர் கடைசி வியாழன் வரை கெய்ரோவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் மூன்றரை. ஜோர்டானிலும் சிரியாவிலும் 2022-லிருந்து ஆண்டு முழுக்க ஒரே நேரம், எப்போதும் இரண்டரை. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி வகுப்பு வைக்காதீர்கள். அந்த மாதத்துக்கு மட்டும் வேறு நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.